விடுதிக்கு எழுதிக் கொடுத்த நன்றிக் கடிதம்

எங்கள் காலத்தில் படிப்பு முடிந்து கல்லூரி விடுதியை விட்டுக் கிளம்புகிற பையன் கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு அலைவான். 'நோ டியூஸ்' தாள் என்று பெயர். நூலகத்தில் ஒரு கையெழுத்து, ஆய்வகத்தில் ஒன்று, விளையாட்டுத் துறையில் ஒன்று, கடைசியாக விடுதி மெஸ்ஸில் ஒன்று. மெஸ் பாக்கி இல்லை என்று வார்டன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டி.சி. கைக்கு வரும்.

நான் இருந்தது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விடுதி. அங்கே இதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. மூன்றாம் வருட மாணவர்கள் எல்லோர் சார்பிலும் வார்டனுக்கும் மெஸ் பணியாளர்களுக்கும் ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசி நாள் இரவுச் சாப்பாட்டில் அதை வாசிப்பார்கள். பிறகு கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பார்கள். ஜூன் மாதம் புதுப் பையன்கள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். 1975 ஏப்ரலில் அதை எழுதும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. "தோவாளைக்காரன் பூவாத் தொடுத்துருவான், அவன்கிட்டயே குடுங்கடே" என்று சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

அதற்கு முந்தைய வருடங்களின் கடிதங்களை வார்டன் ஒரு கோப்பில் வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. "தாயினும் சாலப் பரிந்து" என்று தொடங்கி "என்றும் மறவோம்" என்று முடியும். பெயரை மட்டும் மாற்றினால் எந்த விடுதிக்கும், ஏன், ஒரு ஆஸ்பத்திரிக்கும்கூடக் கொடுக்கலாம். அடுப்படியில் வேலை பார்க்கிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் பந்தி பரிமாறப் போவார்களாம். என்ன எழுதியிருந்தது என்று அடுத்த நாள் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

நான் வேறு மாதிரி எழுத நினைத்ததற்குக் காரணம், அந்த ஜனவரி மாதம் நான் மெஸ் கமிட்டியில் இருந்ததுதான். மாதத்துக்கு இரண்டு பையன்கள் முறை போட்டு அந்த வேலையைப் பார்க்க வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்டோர் ரூமைத் திறந்து அன்றைய அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நிறுத்துக் கொடுக்க வேண்டும். ஸ்டாக் புத்தகத்தில் பதிய வேண்டும். மாதக் கடைசியில் வார்டன் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அந்த ஒரு மாதத்தில் பார்த்தது மூன்று வருடம் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றபோது கண்ணில் படவில்லை.

எங்கள் மெஸ் 'டிவைடிங் சிஸ்டம்'. இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரிய வாய்ப்பு குறைவு. பல இடங்களில் காண்டிராக்டரிடம் விட்டுவிட்டு வருடத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். டிவைடிங்கில் அப்படி இல்லை. மாதம் முழுக்க ஆன செலவை, சாப்பிட்டவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொள்வார்கள். லாபம் என்று யாருக்கும் கிடையாது.

அந்த ஜனவரிக் கணக்கு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, நானே போட்டது என்பதால். மாத ஆரம்பத்தில் ஸ்டோரில் இருந்த சரக்கின் மதிப்பு 1,400 ரூபாய். புதிதாக வாங்கியது 7,900. சமையல்காரர்கள் ஏழு பேர் சம்பளமும் விறகும் சேர்ந்து 1,700. ஆக 11,000. இதில் மாதக் கடைசியில் மிச்சம் இருந்த சரக்கு 1,080 ரூபாயையும், விருந்தாளிகள் சாப்பிட்டுக் கட்டிய 320 ரூபாயையும் கழித்தால் 9,600. இதை வகுப்பது தலைக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில். 120 பையன்களுக்கு 31 நாள் என்றால் 3,720. பொங்கலுக்கு எல்லோரும் நான்கு நாள் ஊருக்குப் போனது, அங்கங்கே முன்கூட்டி எழுதிக் கொடுத்து லீவில் போனது எல்லாம் 520 நாள். மிச்சம் 3,200. ஒரு நாளைக்கு மூன்று ரூபாய். நான் 27 நாள் சாப்பிட்டேன், எனக்கு 81 ரூபாய்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் வார்டன் வேலை எங்கே இருக்கிறது என்பது பரீட்சை மாதத்தில்தான் தெரியும். பாதிப் பையன்கள் படிப்பு விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். சாப்பாட்டு நாள் 1,500 ஆகிவிடும். அரிசி, பருப்புச் செலவு ஆளுக்கேற்பக் குறையும். ஆனால் சமையல்காரர் சம்பளம் குறையாது. ஏழு பேருக்கும் சேர்த்து 1,050 ரூபாய். ஜனவரியில் அது ஒரு சாப்பாட்டு நாளுக்கு முப்பத்துமூன்று காசு. பரீட்சை மாதத்தில் எழுபது காசு. ஊருக்குப் போக வசதியில்லாமலோ, வீட்டில் படிக்க இடமில்லாமலோ விடுதியிலேயே தங்கிவிடுகிற பையன்தான் இந்தக் கூடுதல் பாரத்தைச் சுமப்பான். எங்கள் வார்டன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பழைய எண்ணெய் டின், காலிச் சாக்கு விற்ற பணம், விருந்தாளிக் கட்டணத்தில் ஒரு பங்கு என்று மாதா மாதம் தனியே எழுதி வைத்து, பரீட்சை மாதத்துச் சம்பளத்தில் அதைக் கழிப்பார். கமிட்டிக்கும் சொல்லித்தான் செய்வார். ஆனாலும் பில்லில் நாள் ஒன்றுக்குப் பத்து, பன்னிரண்டு காசு குறைந்திருப்பதை எந்தப் பையனும் பார்த்து, ஏன் குறைந்தது என்று கேட்டதில்லை. ஏறினால்தான் கேட்பார்கள்.

சமையற்கட்டுக்கு வருவோம். தலைமைச் சமையல்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். படித்தவர் இல்லை. தினமும் இரவு, நாளைக்கு எத்தனை பேர் என்று கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதுவோம். அண்ணாச்சி அதைப் பார்க்கவே மாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வராந்தாவில் ஒரு நடை நடப்பார். அறை வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்ப்பார். பலகையில் 112 என்று இருந்தால், "நூத்தி நாலுக்கு உலை வைக்கேன் தம்பி, ஆத்தூர்ப் பயலுவ ஆறு பேரு கெளம்பிட்டானுவ" என்பார். அதேபோல் 104 அல்லது 105 தட்டுதான் விழும். எட்டுப் பேர் சாப்பாடு என்றால் ஒன்றரைக் கிலோ அரிசிக்கு மேல். மீந்தால் அது குப்பைக்குப் போனாலும் வகுத்தலில் எங்கள் தலையில்தான் ஏறும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது குடிக்க நாஞ்சில் நாட்டுப் பையன்கள் நாங்கள் ஐந்தாறு பேர் இருந்தோம் என்பது வேறு விஷயம்.

மார்ச் மாதம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பிசான அறுவடை முடிந்து புது அரிசி கடைக்கு வந்திருந்தது. பழைய அரிசியைவிட மூட்டைக்குச் சில ரூபாய் குறைவு. முந்தின வருடம் விலைவாசி ஏறிய ஏற்றம் உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். 1974-ல் நாடு முழுக்கவே அப்படித்தான். எங்கள் மெஸ் பில்லும் ஏறிக்கொண்டே போனது. அதனால் அந்த மாதக் கமிட்டிப் பையன்கள் புது அரிசிதான் வாங்க வேண்டும் என்று நின்றார்கள். அண்ணாச்சி, "வேண்டாம் தம்பி, அது பொங்காது" என்றார். கமிஷன் அடிக்கிறார் என்றுகூட ஒருவன் பேசினான்.

வார்டன் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டிலும் ஒரு கிலோ வாங்கிவரச் சொன்னார். ஒரே அளவு பானையில் தனித்தனியாக வைக்கச் சொன்னார். பழைய அரிசிக்கு அண்ணாச்சி தண்ணீர் தாராளமாக விட்டார். புது அரிசிக்குக் குறைத்து விட்டார். அப்படியும் புதுச்சோறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வடித்த பிறகு இரண்டையும் அகப்பையால் தட்டில் எடுத்து வைத்தோம். பழைய அரிசி ஏழு தட்டுக்கு வந்தது. புது அரிசி ஆறு தட்டு ஆனதும் பானை காலி. நெல் நாள்பட நாள்பட அரிசி உலர்ந்து இறுகும். அதனால் நிறையத் தண்ணீரைக் குடித்து, குழையாமல் பெருக்கும். புது அரிசியில் ஈரம் இருப்பதால் சீக்கிரம் குழையுமே தவிரப் பெருக்காது. மூட்டை விலையில் மிச்சம் பிடித்ததை அளவில் விட்டுவிடுவோம் என்பது அந்த ஆறு தட்டில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கமிஷன் என்று பேசியவன் அண்ணாச்சி முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். பழைய அரிசிதான் வாங்கினோம். என் வீட்டில் இன்றைக்கும் அரிசி வாங்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை மாதம் ஆயிற்று என்பதுதான்.

மாவு ஆட்டுகிற ஆச்சி ஒருவர், அவருக்குக் கூடமாட ஒரு அக்கா. கிரைண்டர் கிடையாது, ஆட்டுக்கல்தான். தலைக்கு நாலு இட்லி என்றால் 480. அதற்குப் பன்னிரண்டு கிலோ புழுங்கல் அரிசி, மூன்று கிலோ உளுந்து. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிந்ததும் உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். சித்திரை வெயிலில் மட்டும் ஆச்சி ஆறு மணிக்கு மேல் ஆட்ட ஆரம்பிப்பார். முன்னாலேயே ஆட்டினால் விடிவதற்குள் புளித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாவு எழும்பாது. மாவுச் சட்டியை அணைந்த விறகடுப்பின் ஓரத்தில் சாக்கைச் சுற்றி வைத்துவிட்டுப் போவார். மழைக்காலத்திலும் எங்கள் தட்டில் இட்லி தட்டையாக விழுந்ததில்லை. ஏன் என்று அந்த ஜனவரிக்கு முன் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் எழுதலாம், எழுதினால் யாருக்கும் கேடில்லை. சிக்கல் வேறு இரண்டு விஷயத்தில்தான் வந்தது. எனக்கு உண்மையிலேயே நன்றி சொல்ல வேண்டியிருந்தவை அந்த இரண்டும்தான். இரண்டையும் பலகையில் எழுத முடியாது.

முதலாவது வார்டனைப் பற்றியது. என் அப்பா தோவாளைச் சந்தையில் மாலை கட்டுகிறவர். பூ வேலையில் பணம் வருவதும் போவதும் மாதச் சம்பளம் மாதிரி இல்லை. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, பூவைக் கேட்க ஆள் இருக்காது. ஆவணியில் ஓணம் நெருங்கிவிட்டால் மலையாளத்துக்கு வண்டி வண்டியாகப் பூ போகும், கட்டுகிற கை ஓயாது. மெஸ் பில்லுக்கு இதெல்லாம் தெரியுமா? பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். பதினைந்து வரை அபராதத்தோடு கட்டலாம். இருபதாம் தேதி பெயர் பலகையில் ஏறும், மறுநாள் முதல் தட்டு கிடையாது. வகுத்தல் முறையில் இது கொடுமை என்றும் சொல்ல முடியாது. ஒருவன் கட்டாவிட்டால் கடைக்காரனுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது, பட்டினி 120 பேருக்கும்தான்.

மூன்று வருடமும் ஆடி மாதத்துப் பில்லை வார்டன் தன் கைப்பணத்திலிருந்து கட்டினார். ஓணம் முடிந்து அப்பா அனுப்பும் மணியார்டரில் நான் திருப்பிக் கொடுப்பேன். சின்னப் பாக்கெட் நோட்டு ஒன்றில் அவர் எழுதிக்கொள்வார். அந்த நோட்டில் என் பெயர் மட்டும் இல்லை என்பது பக்கம் புரட்டும்போது கண்ணில் படும். மாணவர்களோடு வார்டன் பணம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. பலகையைப் படிப்பது பையன்கள் மட்டும் இல்லை. ஆடிட் பார்க்க வருகிறவர்களும் படிப்பார்கள்.

இரண்டாவது அண்ணாச்சியைப் பற்றியது. எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன், என்னைவிட ஒரு வருடம் இளையவன். மழைக்காலத்தில் அவன் வீட்டில் வள்ளம் இறங்கவில்லை. பெயர் பலகையில் ஏறிவிட்டது. வார்டனிடம் போய்ச் சொல்லடா என்றால் மாட்டேன் என்றான். வெளியே சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். மூன்றாம் நாள் ராத்திரி அண்ணாச்சி அவனைக் குழாயடியில் பார்த்தார். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தானாம்.

மெஸ் சோற்றை அவனுக்குப் போட அண்ணாச்சிக்கு உரிமை இல்லை. போட்டால் அது மற்ற 119 பேர் பணம். ஆனால் சமையல்காரர்களுக்கு அங்கே இரண்டு வேளைச் சாப்பாடு உண்டு, கூலியோடு சேர்ந்தது. அண்ணாச்சி தன் ராத்திரிச் சாப்பாட்டை அவனுக்குக் கொடுத்தார். பதினொரு நாள். பரிமாறி முடித்து, கூடத்து விளக்கை அணைத்த பிறகு, அடுப்படி விளக்கை மட்டும் எரியவிட்டு அவனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். இவர் வடித்த கஞ்சியில் உப்பைப் போட்டுக் குடிப்பார். ஏதோ ஒரு நாள் பஸ் தாமதமாகி ராத்திரி வந்து சேர்ந்த நான் அதைப் பார்த்துவிட்டேன். "வயித்துக்குச் சரியில்ல தம்பி, அதான் கஞ்சி" என்றார். பையன் தலையைத் தூக்கவில்லை. நான் அந்தப் பையனிடமும் இதைப் பற்றிப் பேசியதில்லை. அவன் இன்று நல்ல நிலையில் இருக்கிறான். இதற்கு மேல் அடையாளம் வேண்டாம்.

இதைப் பலகையில் எழுதினால் என்ன ஆகும்? அந்தப் பையன் மானம் போகும். தட்டு நிறுத்தப்பட்டவனுக்கு அடுப்படியில் சோறு போட்டார் என்று அண்ணாச்சியைக் கேள்வி கேட்பார்கள். என் பங்கைத்தான் கொடுத்தேன் என்று அவர் எப்படி நிரூபிப்பார்? கணக்கில் அதற்கு ஏது இடம்?

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். மூன்றாவது படி ஏறக்குறைய இப்படி இருந்தது. நகல் ஒன்று என் டிரங்குப் பெட்டியில் வெகுநாள் கிடந்ததால் வரிகள் நினைவில் இருக்கின்றன.

"மதிப்பிற்குரிய விடுதிக் காப்பாளர் அவர்களுக்கும், சமையற்கூடத்தில் உழைக்கும் ஏழு பேருக்கும், இந்த ஆண்டு படிப்பை முடித்துச் செல்லும் மாணவர்கள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

ஒரு காலைக்கு 480 இட்லி, அதற்காக முந்தின நாள் மூன்று மணி நேரம் ஆட்டுக்கல். மழைக்காலத்திலும் எங்கள் இட்லி எழும்பியே வந்தது. அடுப்போரத்தில் சாக்குச் சுற்றி வைத்த கைகளுக்கு நன்றி.

பலகையில் நாங்கள் எழுதிய எண்ணிக்கை பலமுறை தவறியது. சமைத்த அளவு தவறவில்லை. சோறு வீணாகாமல் எங்கள் பெற்றோர் பணத்தைக் காத்தமைக்கு நன்றி.

பரீட்சை மாதத்தில் இங்கேயே தங்கியவர்களின் பில் ஏறாமல் இருந்தது தானாக நடந்ததல்ல என்று அறிவோம். ஆடி மாதத்திலும் எங்களில் யாருடைய தட்டும் வெறுமையாகவில்லை. அதற்குக் காரணமானவரையும் அறிவோம்.

பரிமாறும் நேரம் முடிந்த பிறகும் அடுப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்த இரவுகள் உண்டு. அந்த விளக்குக்கு நன்றி.

விறகு நனைந்த நாட்களில் புகையில் நின்றவர்களுக்கும், எச்சில் இலை எடுத்தவருக்கும், எங்கள் குறைகளைப் புகார்ப் புத்தகத்தில் படித்த மறுநாளும் அதே முகத்தோடு பரிமாறியவர்களுக்கும் எங்கள் நன்றி."

வாசிப்பதற்கு முந்தின நாள் வார்டனிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பென்சிலை எடுத்து ஒரு இடத்தில் மட்டும் மெல்லக் கோடு போட்டார்.

"ஆடி மாதம்னு எதுக்குப்பா? அதை எடுத்துடு."

"சார், பேரு ஒண்ணும் போடலியே."

"ஆடியில பணம் இல்லாம இருக்கிறவன் யாரு, ஐப்பசியில இல்லாம இருக்கிறவன் யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். மாதத்தைச் சொன்னா பேரைச் சொன்ன மாதிரிதான்."

நான் என்னைப் பற்றித்தான் எழுதினேன், எனக்கு வெட்கம் இல்லை என்றேன். அவர் சிரித்தார். "உனக்கு இல்லே. அந்த நோட்டுல இருக்கிற மத்தவனுக்கு இருக்கும்" என்றார். பிறகு கீழே விரலை ஓட்டி, விளக்கு வரியில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இது இருக்கட்டும்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அடுப்படி விளக்கு எரிந்தது அவருக்கும் தெரியும் என்பது. அவர் அறை ஜன்னல் சமையற்கட்டைப் பார்த்துத்தான் இருந்தது.

அந்த இரண்டு வாக்கியத்தையும் எடுத்துவிட்டு நல்ல தாளில் படி எடுத்தேன்.

இப்போது இதை எழுத உட்கார்ந்தது ஏனென்றால், சென்ற மாதம் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி அரசு விடுதியில் தங்கிப் படிப்பை முடித்துவிட்டு வந்தாள். 'சமூகநீதி விடுதி' என்று 2025-ல் பெயர் மாற்றினார்களே, அந்த விடுதிகளில் ஒன்று. சமையலர் அம்மாவுக்கு என்ன எழுதிக் கொடுப்பது தாத்தா என்று கிளம்புவதற்கு முன் போனில் கேட்டாள். அங்கே வகுத்தல் கிடையாது. அரசே ஒரு பிள்ளைக்கு மாதம் இவ்வளவு என்று கொடுக்கிறது. 2023-ல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு 1,100-லிருந்து 1,500 ரூபாய் ஆக்கினார்கள். நாள் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். மூன்று வேளையும் அதற்குள். எங்கள் மெஸ்ஸில் தக்காளி விலை ஏறினால் பில் ஏறும், நாங்கள் முனகுவோம். அங்கே விலை ஏறினாலும் ஐம்பது ஐம்பதுதான். அந்த வித்தியாசத்தை முழுக்கச் சமாளிப்பது சமையலரின் கை. தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டுவது, கூட்டில் பூசணிக்காயை ஏற்றுவது இப்படி. "விலை ஏறின மாசத்துல உங்க சாம்பார் எப்படி இருந்துச்சு, யோசிச்சுப் பாரு மக்களே, அதை எழுது" என்றேன். எழுதினாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

பாளையங்கோட்டைக்கே திரும்புகிறேன். விடுமுறைக்கு ஒரு நாள் ஊருக்கு வந்து, அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வார்டனுக்கு ஒரு மாலை, அடுப்படி ஆட்களுக்குப் பூச்சரம். பிச்சி மொட்டை இருட்டோடு பறித்துவிட வேண்டும், சாயங்காலம்தான் விரியும். அப்பா விடியுமுன் சந்தையில் எடுத்து, தானே தொடுத்து, வாழை இலையில் சுற்றி, நனைத்த வாழை நாரால் கட்டி ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். அப்போது நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. பஸ்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஈரம் காய்ந்துவிடும் என்று ஒரு பாட்டிலில் தண்ணீரும் கொடுத்து, வள்ளியூர் தாண்டியதும் தெளிக்கச் சொன்னார். தெளித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேட்டி நனைந்து கோபித்துக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டில் கடிதத்தை வாசித்தேன். கூடத்தில் பையன்கள் கை தட்டினார்கள். அண்ணாச்சி வாளியைக் கீழே வைக்காமலேயே நின்று கேட்டார். எல்லாம் முடிந்து நான் சமையற்கட்டுக்குப் போனபோது, இன்னொரு தடவை வாசி என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அங்கே உட்கார்ந்து நிதானமாக வாசித்தேன். இட்லி வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நானூத்தி எம்பது இல்ல தம்பி. ஐநூறு. துணியில ஒட்டி உடையது ஒரு இருவது உண்டு. அதையும் கணக்குல போடணும்லா."

"உடைஞ்சது எங்க போகும் அண்ணாச்சி?"

"நாங்க திங்கது அதுதான."

பேனாவை வாங்கி 480-ஐ அடித்து 500 என்று எழுதினேன். அடுத்த நாள் அந்தத் திருத்தத்தோடுதான் பலகையில் ஏறியது. விளக்கு வரி வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் கிடந்த கொள்ளியை உள்ளே தள்ளிவிட்டார்.

ஆச்சி பூப்பெட்டியைத் திறந்து சரத்தை விரல்களுக்கிடையே ஓட்டிப் பார்த்தார். கண்ணி இவ்வளவு நெருக்கமாக இருக்கிறதே, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். அப்பா கட்டியது என்றேன். "ஆம்பள கட்டுனதா?" என்று திரும்பவும் பார்த்தார். எங்கள் ஊரில் அப்படித்தான் ஆச்சி என்றேன். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்து அளந்து அளந்து அறுத்தார். தனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, மற்றவர்கள் வீட்டுக்கு ஆளுக்கு ஒன்று. ஒரு சாண் துண்டு மிஞ்சியது. அதை ஆட்டுக்கல் குழவியில் சுற்றிவிட்டு, நாளைக்கு உளுந்து ஊறப் போட வேண்டுமே என்று எழுந்து போனார்.